மழலையர் படத்து முதலை

ஜுருவில் எங்கள் வீட்டுக்குச் சிறிது தூரத்தில் ஆறு ஓடுகிறது. கடலோடு கலக்கும் இடத்தில் அது சேறும் அலையாத்தி வேரும் கலந்து கிடக்கும். அந்த ஆற்றில் முதலையை நான் கண்டதில்லை. ஆயினும் சென்ற ஆண்டு ஒரு மாத காலம் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு முதலை குடியிருந்தது. நான்கு வயதுப் பேத்தி அங்கே தனியே போக மறுத்துவிட்டாள். காரணம் வினவியபோது, தண்ணீர் போகும் துளையிலிருந்து அது வரும் என்றாள். அவள் பார்த்தது ஐந்து நிமிடச் சித்திரப்படம் ஒன்று. சாங் காஞ்சில் என்னும் சருகுமானின் கதை. அதில் முதலை யாரையும் கடிக்கவில்லை; ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. பின் அவள் அஞ்சியது எதற்கு?

ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன் ஆதலால், இக்கேள்வியை நான் எளிதில் விட முடியவில்லை. அப்படத்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். முதலை நீரடியிலிருந்து எழுந்து, நேரே நம்மை நோக்கி, வாய் பிளந்து, திரை முழுவதையும் நிரப்பும் காட்சி ஒன்று இருந்தது. அது ஒரு நொடியிலும் சிறு பகுதியே. ஆனால் வரைந்தவர் செய்த பிழை முழுவதும் அச்சிறு பகுதியில் அடங்கியிருந்தது. சிறு குழந்தைகளுக்கான வில்லனை எவ்வாறு அமைப்பது என்பது உலகெங்கும் சித்திரப்படக்காரர்கள் நெடுநாளாய்ச் சிந்தித்து வரும் ஒன்று. நம் நாட்டிலேயே அதற்கு நல்ல சான்றும் உண்டு.

வில்லனே இல்லாமல் படம் எடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பர். எடுக்கலாம். ஆனால் முதலை இல்லாவிட்டால் சருகுமானின் புத்திக்கு வேலை இல்லை. ஆற்றில் முதலைகளை வரிசையாய் நிற்க வைத்து, எண்ணுவதாகச் சொல்லி, அவற்றின் முதுகின் மேலே தாவி அக்கரை சேர்ந்த கதையை மலாய்க் குழந்தைகளும் நம் குழந்தைகளும் ஒருசேர அறிவார்கள். ஃபிலெம் நெகாராவில் ஆனந்தம் சேவியர் உருவாக்கி 1983இல் ஒளிபரப்பான, இந்நாட்டுச் சித்திரப்படங்களுள் முன்னோடியான படமும் சாங் காஞ்சிலைப் பற்றியதே. முதலை தின்னக்கூடியது என்று குழந்தை நம்பினால்தான் அந்தத் தாவல் ஒவ்வொன்றும் சுவைக்கும். ஆகவே பயமே கூடாது என்பதன்று வழக்கு. குழந்தை நாற்காலி நுனிக்கு வர வேண்டும். ஆனால் நாற்காலியை விட்டு ஓடக் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடம் மிகக் குறுகியது.

தோற்றமே குணம்

மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தை பெரியவரைப் போலப் பார்ப்பதில்லை. இதனை அமெரிக்காவில் சிந்தியா ஹாஃப்னர், ஜோன் கான்டர் என்னும் இரு ஆய்வாளர் 1985இல் வெளியிட்ட சோதனை ஒன்று தெளிவாகக் காட்டியது. ஒரு கிழவியைப் பற்றிய சிறு படத்தை அவர்கள் நான்கு விதமாக எடுத்தார்கள். ஒன்றில் அவள் பார்வைக்குப் பாட்டிபோல் இனியவள், செயலிலும் அன்பானவள். ஒன்றில் தோற்றம் இனிது, செயல் கொடிது. மற்றொன்றில் சூனியக்காரி போன்ற முகம், ஆனால் அன்பான செயல். நான்காவதில் இரண்டும் கொடியவை. இப்படங்களை வெவ்வேறு வயதுக் குழந்தைகளுக்குக் காட்டி, அவள் எத்தகையவள், அடுத்து என்ன செய்வாள் என்று கேட்டார்கள். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் அவள் செய்ததைக் கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள். மூன்று முதல் ஐந்து வயதினரோ தோற்றத்துக்கே பெரிதும் வசப்பட்டார்கள். அன்பு செய்த விகாரக் கிழவியையும் அவர்கள் கெட்டவளாகவே கருதும் பாங்கு காணப்பட்டது.

இதிலிருந்து வரைபவர்க்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, மழலையர் படத்தில் வில்லனின் முகமே அவன் பேச்சு. கதை பின்னால் வந்து அதனைத் திருத்தும் என்று நம்புவது வீண். இரண்டாவது எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. கண் ஒன்றில்லாதவன், தழும்பு விழுந்தவன், கூன் விழுந்தவன், கரியவன் என்று உடற்குறையையோ நிறத்தையோ கொடுமைக்கு அடையாளமாக்கினால், குழந்தை அதனை அப்படியே எடுத்துக்கொள்ளும். தெருவில் அத்தகைய மனிதர் எதிர்ப்பட்டாலும் விலகும். எளிதில் கிடைக்கும் இந்த உத்தி அச்சத்தையும் மிகுவிக்கிறது, அநீதியையும் விதைக்கிறது. இதனைக் கையாளும் ஓவியர் சோம்பேறி என்றே நான் சொல்வேன்.

பின் எதைக் கொண்டு அச்சுறுத்துவது? முகத்தின் வடிவங்களைக் கொண்டே பெரும்பகுதியைச் செய்துவிடலாம். புருவம் இரண்டும் நடுவில் தாழ்ந்து, ஓரங்களில் உயர்ந்து, கூர்நுனி கீழ்நோக்கிய முக்கோணம்போல் அமைந்தால், வேறொன்றும் இல்லாமலே அதில் சினம் தெரியும். ஜோயல் அரோனாஃப் என்னும் அமெரிக்க உளநூலாரும் அவர் துணைவரும் இதனை ஆராய்ந்து, சாய்ந்த கோடுகளும் கூர்நுனி கீழ்நோக்கிய வடிவமும் அச்சுறுத்தலாகவும் வளைகோடுகள் இணக்கமாகவும் உணரப்படுகின்றன என்று காட்டினார்கள். நம் முன்னோர் செய்த முகமூடிகளிலும் இதே கோடு உண்டு என்பதை எவரும் பார்த்தறியலாம். ஆகவே, உடல் உருண்டையாக இருக்கட்டும். புருவம் மட்டும் சாயட்டும். கோபம் தெரியும், கோரம் தெரியாது.

நம் நாட்டுச் சான்று இங்கேதான் வருகிறது. 2011 மார்ச் 13இல் டிவி3இல் தொடங்கிய ‘போபோய்போய்’ தொடரின் வில்லன் அடு டு. கொக்கோவைத் தேடி வேற்றுக் கோளிலிருந்து வந்தவன். பச்சை நிறம், கட்டம்போன்ற சதுரத் தலை, அதற்குப் பொருந்தாத சிறிய உடல். தலை பெரிதாக உடல் சிறிதாக இருப்பது மழலையின் அளவு அன்றோ? அதனால் பார்ப்பவர்க்கு அவன் தம்மைவிடப் பெரியவனாகத் தோன்றுவதில்லை. சதுரமும் மூலைகளும் ‘இவன் நம்மவன் அல்லன்’ என்பதைச் சொல்லிவிடுகின்றன. அவனுடைய சூழ்ச்சிகளோ உலகையே குலைக்கக் கூடியவை. ஆபத்து சூழ்ச்சியில் இருக்கிறது, உடம்பில் இல்லை. புரோப் என்னும் இயந்திரப் பணியாள் அருகிலேயே இருந்து ஒவ்வொரு மிரட்டலையும் சற்றே கீழிறக்கிவிடுகிறான்.

கூத்துத் திரை கற்பித்தது

பணியாள் எசமானனைக் கேலி செய்து சபையின் அச்சத்தைத் தணிப்பது நமக்குப் புதிதன்று. தெருக்கூத்தில் துரியோதனன் வரும் முறையை நினைத்துப் பாருங்கள். கட்டை கட்டி, கிரீடம் தரித்து, முகம் முழுதும் வண்ணம் தீட்டிய அவ்வேடம் திடீரென்று குழந்தையின் முன் நின்றால் அது அலறாமல் என்ன செய்யும்? ஆனால் அவன் திடீரென்று வருவதில்லை. இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். அதன் பின்னிருந்து பாட்டு எழும்பும். துணியின் மேலே கிரீடத்தின் நுனி தெரியும். கீழே சலங்கைக் கால் தெரியும். யார் வருகிறான் என்பதைச் சபை அறிந்து தெளிந்த பின்பே துணி விலகும். விலகியவுடன் கட்டியக்காரன் வந்து, ‘நீர் யார், ஏன் இப்படிக் குதிக்கிறீர்’ என்னும் பாங்கில் வினவிச் சிரிப்பு மூட்டுவான். அரசனின் கம்பீரம் குறையாது. குழந்தையின் மூச்சு மட்டும் சீராகும்.

முழு உருவத்தையும் ஒருசேரக் காட்டாமல் பகுதி பகுதியாகக் காட்டுவதே இதிலுள்ள நுட்பம். இதன் ஆற்றலை அறிய அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை ஒப்பிடலாம். 1939இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் பச்சை முகச் சூனியக்காரியாக நடித்தவர் மார்கரெட் ஹாமில்டன். 1975இல் அவர் ஃபிரெட் ரோஜர்ஸ் நடத்திய குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வந்தார். சாதாரண உடையில், புன்முறுவலுடன் உட்கார்ந்து பேசினார். பிறகு பாவாடை, கறுப்பு மேலாடை, தொப்பி என்று ஒவ்வொன்றாய்க் குழந்தைகளின் கண்முன்னே அணிந்துகொண்டார். உள்ளே இருப்பவர் அந்த அம்மையாரே என்பது அவர்களுக்கு விளங்கிற்று.

மறு ஆண்டு, 1976இல், அதே அம்மையார் ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியில் சூனியக்காரியாகவே நேரே வந்து நின்று, தம் துடைப்பத்தைத் திருப்பித் தருமாறு எல்லாரையும் மிரட்டினார். கதையின் நோக்கம் நல்லதே. அச்சத்தை வெல்வதைக் கற்பிக்கவே அதனை எழுதினார்கள். ஆனால் குழந்தைகள் மிரண்டதாகப் பெற்றோரிடமிருந்து கடிதங்கள் வந்தன. அப்பகுதியை மறுபடி ஒளிபரப்பவில்லை. நடிகை ஒருவரே, தொப்பியும் ஒன்றே. காட்டிய வரிசை மட்டுமே வேறு.

இதனோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். உருமாற்றம் மழலையருக்கு மிகக் கொடிது. சாதுவான மனிதன் பச்சை அரக்கனாக மாறும் ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொடரைக் கொண்டு கான்டரும் கிளென் ஸ்பார்க்ஸும் 1980களில் ஆராய்ந்தார்கள். அந்த அரக்கன் நல்லவன், ஆபத்தில் இருப்போரைக் காப்பவன். ஆயினும் பள்ளிக்குப் போகாத சிறுவர் அவன் மாறிய பின்னரே மிகவும் அஞ்சினார்கள். மூத்த பிள்ளைகளுக்கு அவ்வாறில்லை. தாடி வைத்த தந்தை ஒருநாள் மழித்துக்கொண்டு வந்தால் கைக்குழந்தை அழுவதை நாம் பார்த்திருக்கிறோமே, அது போன்றது எனலாம். ஆகையால் வில்லன் எந்தக் காட்சியிலும் வேறு உருக் கொள்ளக் கூடாது. சிரித்துப் பேசி ஏமாற்றிப் பின் பல் காட்டும் வஞ்சகனும் வேண்டாம். பிறர் மனத்தில் தவறான எண்ணம் இருக்கக்கூடும் என்பதே பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதை ஒட்டித்தான் புரியத் தொடங்குகிறது. மூன்று வயதினருக்கு வஞ்சகம் விளங்காது. சிரித்த முகத்தை நம்பக் கூடாது என்பது மட்டுமே மனத்தில் தங்கும்.

நம் முதலையை வரைவோம்

இனி அந்த முதலையைத் திரும்ப வரைந்து பார்க்கலாம். உண்மையான உவர்நீர் முதலைக்கு அறுபதுக்கு மேற்பட்ட பற்கள் உண்டு. வாய் மூடியிருக்கும் போதும் அவை வெளியே தெரியும். அவ்வாறே வரைந்தால் அது பூச்சாண்டியேதான். எனவே பற்களை எடுத்துவிட்டு, கீழ்த்தாடையின் இரு புறத்திலும் ஒவ்வொன்று வைத்தேன். பல் இருக்கிறது என்று குழந்தை அறியட்டும். எண்ணத் தொடங்க வேண்டாம். அடுத்தது மூக்கு. நீண்ட முகறையைப் பாதியாகக் குறைத்து நுனியை உருட்டினேன். தலை மட்டும் உடலில் மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று.

கண்ணில் நெடுநேரம் செலவாயிற்று. முதலையின் கருமணி நெடுக்கே பிளந்த கீற்று. கீற்றுக் கண் எங்கே பார்க்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. பார்வை தெரியாதபோது அது தன்னையே பார்ப்பதாக எண்ணும். ஆகவே உருண்டைக் கருமணி வைத்தேன். கருமணியைச் சுற்றிலும் வெள்ளை தெரிந்தால் வெறித்த பார்வை ஆகிவிடும். மேலிமை பாதி மூடினால் அது விலகும். அந்த மேலிமையின் கோடே புருவம். அதை உட்புறம் சற்றுத் தாழ்த்தினால் முதலை முறைக்கும், நேராக்கினால் தூங்கும். முழுப் படத்திலும் அதன் மனம் மாறுவதை இவ்வொரு கோடு காட்டிவிடும். நிறத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆற்றுச் சேற்றின் பழுப்பிலிருந்து அது பிரிந்து தெரிய வேண்டும். இருளில் கரைந்து நிற்கும் உருவமே அதிகம் கலக்கும்.

உருவம் பாதி வேலை, அசைவே மீதி. பேத்தியை மிரட்டியதும் அசைவுதான். நம்மை நோக்கி விரைந்து பெரிதாகும் எதுவும் மனிதனை இயல்பாகவே பின்வாங்கச் செய்யும். வில்லியம் பாலும் எட்வர்ட் டிரானிக்கும் 1971இல் சில வாரங்களே ஆன சிசுக்களின் முன்னே ஒரு நிழலைப் பெரிதாகிக்கொண்டே வரச் செய்தார்கள். சிசுக்கள் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கைகளை உயர்த்தின. நிழல் பக்கவாட்டில் விலகிச் செல்வதாக அமைந்தபோது அவ்வாறு செய்யவில்லை. கற்றுக்கொண்ட அச்சம் அன்று இது, பிறவியோடு வந்தது. ஆதலால் கதை எவ்வளவு இனியதாயினும் காமிராவை நோக்கிப் பாயும் முதலையை அது காப்பாற்ற முடியாது. நம் முதலை எப்போதும் பக்கவாட்டில், இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ, நீந்த வேண்டும். அதன் இலக்கு சருகுமான், பார்ப்பவன் அல்லன். தோற்பாவைக் கூத்தில் இராவணன் வெண்திரையில் பக்கத் தோற்றமாகவே நடப்பதையும் இங்கே நினைக்கலாம். பாவையைத் திரையை விட்டு விளக்கின் பக்கம் கொண்டுபோனால் நிழல் பருத்துவிடும். கைதேர்ந்தவர் அதனை அளந்தே கையாள்வார்.

வேகத்துக்கு வருவோம். நம் தொலைக்காட்சிப் படத்தில் ஒரு நொடிக்கு 25 சட்டங்கள் ஓடுகின்றன. பழைய படத்தில் முதலை எழுந்து வாய் பிளந்தது 8 சட்டங்களுக்குள். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. அது என்ன என்று தெரியுமுன்னே உடல் துள்ளிவிடுகிறது. அதே காட்சிக்கு நான் 12 நொடி, அதாவது 300 சட்டங்கள், ஒதுக்கினேன். முதல் 2 நொடியில் இரண்டு கண்மேடுகள் மட்டும் நீருக்கு மேல் எழும்பி நிற்கும். இதுவே நம் கூத்துத் துணி. அடுத்த 3 நொடி நீரில் ஒரு கோடு மெல்ல இழுபட்டுக்கொண்டே சருகுமானை நோக்கி நகரும். மான் புல் மேய்ந்துகொண்டிருக்கும்; அது அறியாததைக் குழந்தை அறியும். உண்மையான பயங்கரம் இந்த மூன்று நொடியில்தான் இருக்கிறது, பல்லில் இல்லை. பிறகு 2 நொடியில் தலை எழும்பும். ஒரு நொடியில் புருவம் தாழும். ஒரு நொடியில் வாய் மெல்லத் திறக்கும். அடுத்த நொடியில் 6 சட்டங்களில் வாய் ‘டக்’ என்று மூடும். மீதி 19 சட்டமும் அப்படியே அசையாது நிற்கும். மான் ஏற்கெனவே ஓரடி தள்ளி நிற்கிறது! கடைசி 2 நொடியில் முதலை திரும்பப் பார்த்து, வால் அலையாத்தி வேரில் மாட்டிக்கொண்டிருப்பதைக் காணும்.

வாய் மூடும் அந்த 6 சட்டத்தைக் குறைக்கலாமா என்று எனக்கு ஆசை வந்தது. குறைத்தால் கடி உறைக்கும். ஆனால் முன்னே ஒரு முழு நொடி வாய் திறந்திருப்பதால் 6 சட்டமே போதுமானது. வேகம் எவ்வளவு என்பதைவிட அதற்கு முன் எவ்வளவு அறிவிப்புக் கொடுத்தோம் என்பதே கணக்கு. ஓசையும் அவ்வாறே. முதலை வரும்போதெல்லாம் ஒரே தாழ்ந்த மத்தளச் சொல் தூரத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற வேண்டும். வாய் மூடும் ஒலி மரக்கட்டை தட்டுவது போல் இருந்தால் போதும். அமைதிக்குப் பின் திடீர் முழக்கம் வைத்தால் மேற்சொன்ன கணக்கெல்லாம் பாழ்.

வால் மாட்டிக்கொள்வதைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. வில்லனின் குறை குழந்தைக்குப் பிடிமானம். முதலை இவ்வளவுதான் செய்யும், இதற்கு மேல் முடியாது என்று அது அறிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வில்லன் தானே தவறி விழுந்தால் அவன் கோமாளி ஆகிவிடுவான். பிறகு அவனுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். சருகுமானின் சாமர்த்தியத்துக்கும் மதிப்பு இராது. என் வரைவில் வால் ஒரு முறைதான் மாட்டும். இரண்டாம் முறை முதலை வேரைச் சுற்றிக்கொண்டு வரும். அது கற்றுக்கொள்கிறது என்பதில் மிரட்டல் மறுபடி ஏறுகிறது. மூன்றாம் முறை மான் எந்தத் துறையில் இறங்கும் என்று ஊகித்து, முன்னமே அங்கே போய்க் காத்திருக்கும். அப்போதும் புருவம் ஒரு கோடுதான், பல் இரண்டுதான்.

சரியாக வந்ததா?

வரைந்தவர் கண்ணுக்கு இது தெரியாது. பார்க்கும் குழந்தையின் உடலில்தான் தெரியும். நான் செய்தது எளிய சோதனை. கோடுகளாக மட்டும் வரைந்து கணினியில் கோத்த அக்காட்சியை, எங்கள் வரிசை வீடுகளில் உள்ள மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் சிலருக்கு, தாயோ பாட்டியோ அருகிருக்க, விளக்கு எரியும் கூடத்தில் காட்டினேன். திரையைப் பார்க்காமல் குழந்தைகளையே பார்த்தேன்.

முகத்தை நம்ப வேண்டாம். மிரண்ட குழந்தையும் சிரிக்கும். கையும் காலும் பொய் சொல்வதில்லை. காதைப் பொத்துதல், திரைக்கு முதுகு காட்டுதல், பேச்சை நிறுத்திவிட்டுத் தாயின் மடிக்கு நகர்தல் ஆகியவை வரம்பு கடந்ததன் குறிகள். முன்னே சாய்தல், ‘பின்னால பாரு’ என்று மானுக்குக் குரல் கொடுத்தல், முடிந்ததும் ‘இன்னொரு தடவை’ என்று கேட்டல் ஆகியவை நல்ல குறிகள். நீரில் கோடு இழுபடும் அந்த மூன்று நொடியில் கூடம் அடங்கிப்போனதா என்று பார்த்தேன். அடங்கிற்று. ஒரு பையன் மட்டும் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை, கோடு எதைக் குறிக்கிறது என்று விளங்கவில்லை போலும். கண்மேடுகளை நீரினின்று மறையவிடாமல் கோட்டின் முன்னேயே வைத்த பிறகு அவனும் நிமிர்ந்தான்.

அன்றோடு சோதனை முடிவதில்லை. அச்சம் பகலில் ஒளிந்திருந்து இரவில் வெளிப்படும். மறுநாள் காலை தாய்மாரைக் கேட்டேன்: விளக்கை அணைக்க விட்டதா, தனியே படுத்ததா, குளியலறைக்குப் போயிற்றா? ஒரு வீட்டில் விடை சரியில்லை. அக்குழந்தைக்குக் கிரியான் ஆற்றங்கரையில் உறவினர் வீடு. அங்கே முதலை வந்த பேச்சைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறது. அதற்கு முதலை கதைப் பொருள் அன்று, அக்கம்பக்கத்துச் செய்தி. எந்த வரைவும் இதனை மாற்ற முடியாது. அக்குழந்தைக்கு வேறு கதைதான் காட்ட வேண்டும்.

‘வெறும் படம்தானே, பொம்மைதானே’ என்று தேற்றிவிடலாம் என்று எண்ணுவோர் பலர். கான்டரும் பார்பரா வில்சனும் 1984இல் இதனையும் சோதித்தார்கள். இது உண்மை அன்று என்று நினைத்துக்கொள்ளுமாறு சொன்னது மூத்த பிள்ளைகளுக்கு உதவியது. பள்ளி சேராத சிறுவருக்குப் பயன்படவில்லை. இவ்வயதினருக்கு மடியும் கையும் போர்வையுமே மருந்து. அதனால்தான் பொறுப்பு வரைபவனிடம் வந்து சேர்கிறது. தவறு செய்துவிட்டு விளக்கம் பாட்டி கொடுக்கட்டும் என்று அவன் விட முடியாது.

பேத்திக்கு நாங்கள் கடைசியில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். குளியலறைத் துளையைக் காட்டி முதலை இதில் நுழையாது என்று வாதாடியது எதுவும் பலிக்கவில்லை. ஒருநாள் வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து, அவள் எதிரில் உட்கார்ந்து, முதலில் இரண்டு மேடுகள் வரைந்தேன். ‘இது என்ன?’ என்றாள். அடுத்து மூக்கு, பிறகு வால். பல் எத்தனை வைக்கலாம் என்று அவளையே கேட்டேன். நெடுநேரம் யோசித்து, ‘ரெண்டு போதும் தாத்தா’ என்றாள். அந்த முதலைக்கு இரண்டு பல் வந்த கதை அதுதான். அன்று மாலை அந்தத் தாளைக் குளியலறைக் கதவில் அவளே ஒட்டினாள். உள்ளே போய்த் தாளிட்டுக்கொண்டாள். நான் வெளியே நிற்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.